காரணம் சொல்லாதீர்கள், சளியைப் பரிசோதியுங்கள்

சேரியில் ஒருவர் மூன்று வாரமாக இருமினால் அதற்கு ஊரே ஒரு காரணம் வைத்திருக்கிறது. பீடி குடிக்கிறான், சாராயம் குடிக்கிறான், குப்பையில் வேலை செய்கிறான், சூளைப் புகையில் நிற்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை. வெளியாட்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை, நம் வீட்டுக்காரர்களும் சொல்கிறார்கள். சில நேரம் மருத்துவரும் சொல்கிறார். காரணம் கிடைத்துவிட்டதால் பரிசோதனை தேவையில்லை என்றாகிவிடுகிறது. காசநோய் நம் தெருக்களில் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு அறியாமையை விட இந்த "காரணம்தான் தெரியுமே" என்ற பேச்சே பெரிய காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதில் ஒரு கொடுமையான முரண் இருக்கிறது. குடிப்பவருக்கும் புகைப்பவருக்கும் போதிய உணவில்லாதவருக்கும் தூசியில் வேலை செய்பவருக்கும் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். அப்படியென்றால் "இவர் குடிப்பவர்" என்று தெரிந்ததும் மருத்துவர் முதலில் சளிப் பரிசோதனைக்குத்தான் எழுதித் தர வேண்டும். நடப்பதோ தலைகீழ். குடியைக் காட்டி அறிவுரை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நோய்க்கான ஆபத்து, நோயைத் தேடாமல் விடுவதற்கான சாக்காக மாறிவிடுகிறது.

சென்ற ஆண்டு நாங்கள் கூடவே போன ஒரு ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர். இருமல் தொடங்கிய முதல் வாரம் மெடிக்கல் கடையில் சிரப் வாங்கினார். மூன்றாவது வாரம் ஒரு தனியார் கிளினிக்கில் ஊசியும் ஐந்து நாள் மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டபோது காய்ச்சல் விட்டது, இருமலும் குறைந்தது. "சரியாகிவிட்டது" என்று வேலைக்குப் போனார். பத்து நாளில் எல்லாம் திரும்பி வந்தது. ஆறாவது வாரம் அரசு மருத்துவமனைக்குப் போனபோது வாயில் வாடை அடித்தது என்பதால் குடியை நிறுத்தச் சொல்லி இருமல் மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பதாவது வாரம் நாங்கள் பார்த்தபோது பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அன்று கொடுத்த சளியில் காசநோய்க் கிருமி இருப்பது மறுநாளே உறுதியானது. அந்த ஒன்பது வாரமும் அவர் ஒரே அறையில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் படுத்திருந்தார்.

அந்த ஐந்து நாள் மாத்திரையைக் கவனியுங்கள். சீட்டில் இருந்தது லீவோஃப்ளாக்சசின். சாதாரணச் சளிக்காய்ச்சலுக்குக் கைபோன போக்கில் எழுதப்படும் இந்த மருந்து, உண்மையில் மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பயன்படுத்த வேண்டியது. சில நாள் சாப்பிட்டால் கிருமியின் எண்ணிக்கை குறையும், முழுவதும் சாகாது. உடம்பு தேறியது போலத் தோன்றும். அந்த நேரத்தில் சளி கொடுத்தால் கிருமி இல்லை என்றுகூட முடிவு வரலாம். மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் "மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம், கேட்காவிட்டால் டெஸ்ட் எடுப்போம்" என்பதில் நாள் வீணாவதோடு சிக்கல் முடிவதில்லை. பின்னால் வரும் பரிசோதனையும் சிகிச்சையும் சேர்ந்து கெடும்.

அரசின் காசநோய்த் திட்டம் சொல்லும் அளவு இரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளியைப் பார்க்க வேண்டும். ஆக மூன்று வாரம் என்பது ஏற்கெனவே ஒரு வாரத் தாமதம். எச்.ஐ.வி. உள்ளவர் என்றால் எத்தனை நாள் என்று எண்ணவே வேண்டாம்.

இருமலோடு வரும் மற்ற இரண்டு அறிகுறிகளும் நம்மிடம் எளிதில் மறைந்துவிடும். தகரக் கூரைக்கு அடியில் இரவில் வியர்ப்பது யாருக்கும் புதிதில்லை. அதனால் "ராத்திரி வியர்க்குதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அல்லது சிரிப்பார்கள். "பக்கத்தில் படுத்தவருக்கு வியர்க்காதபோதும் உங்களுக்குச் சட்டை நனைகிறதா, சாயங்காலம் உடம்பு சூடாகிறதா?" என்று கேளுங்கள். எடையும் அப்படித்தான். வீட்டில் எடைக் கருவி இருக்காது. இடுப்புத் துணி நழுவுகிறதா, ரவிக்கை தொளதொளக்கிறதா என்றால் உடனே பதில் வரும்.

பரிசோதனை இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் மூடியுள்ள சிறிய கப் தருவார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எச்சில் வேறு, சளி வேறு. அவசரத்தில் துப்பிய எச்சிலில் கிருமி இருக்காது, முடிவு "இல்லை" என்று வரும். காலையில் எழுந்ததும் எதுவும் சாப்பிடாமல் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, வெட்டவெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக, அரை டீஸ்பூன் அளவாவது இருக்க வேண்டும். பெயரை மூடியில் எழுதாமல் கப்பின் மேல் எழுதுங்கள், ஆய்வகத்தில் மூடிகள் மாறிவிடும். வெயில் படாமல் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இங்கேதான் மாணவத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. தூய்மைப் பணியாளர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி நேரத்தில் அவர் தெருவில் இருப்பார். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போகும். முந்தின மாலை கப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, காலையில் வாங்கி ஆய்வகத்தில் சேர்ப்பதை உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமும் காசநோய்ப் பணியாளரிடமும் பேசி ஏற்பாடு செய்ய முடியும். தெருவில் பெயர் சொல்லி அழைத்துக் கப்பைக் கொடுக்காதீர்கள். "டிபி வீடு" என்று ஒரு முறை பெயர் வந்துவிட்டால் தண்ணீர்க் குழாயடியில் அந்தக் குடும்பம் என்ன கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: காற்றில்லாத வீடும் பட்டினியும்தானே நோய்க்குக் காரணம், அதை விட்டுவிட்டுத் தனிமனிதரைச் சளி கொடுக்கச் சொல்வது சரியா? முதல் பாதி முழுவதும் சரி. நோயாளி வீட்டாருக்கு நல்ல உணவு கொடுத்தால் அவர்களுக்குக் காசநோய் வருவது கணிசமாகக் குறைகிறது என்று ஜார்க்கண்டில் நடந்த பெரிய ஆய்வு 2023ல் காட்டியது. வீட்டுக்கும் உணவுக்கும் போராட வேண்டியதுதான். ஆனால் பட்டா வரும்வரை நுரையீரல் காத்திருக்காது. சிகிச்சை ஆறு மாதம், மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போட வேண்டும். இதில் எதையும் கேட்பதற்கு முதலில் பரிசோதனை முடிவு கையில் வேண்டும்.

சளியில் கிருமி இல்லை என்று வந்தாலும் இருமல் நிற்கவில்லையென்றால் விட்டுவிடாதீர்கள். நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லிலிட்டர் சளியில் ஆயிரக்கணக்கான கிருமிகள் வேண்டும். ஆரம்ப நிலையில் அத்தனை இருக்காது. சிபிநாட் அல்லது ட்ரூநாட் இயந்திரம் மிகக் குறைந்த கிருமியையும் கண்டுபிடிக்கும், ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். "எந்த முறையில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். நுண்ணோக்கி மட்டும் என்றால் சிபிநாட்டும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எழுதித் தரச் சொல்லுங்கள். அலைக்கழித்தால் நிக்‌ஷய் உதவி எண் 1800-11-6666. அந்தத் தூய்மைப் பணியாளரின் இரண்டு பிள்ளைகளுக்கும் பரிசோதனை நடந்தது. நோய் இல்லை. தடுப்பு மாத்திரை சாப்பிட்டு வருகிறார்கள்.