மூன்று பேரிடம் கேட்டால் ஆய்வாகாதா?

"மூன்று பேரோடு கதைச்சிட்டு ஆய்வாம்!" என்று சிரிப்பவர்களே, ஜொனதன் ஸ்மித் 1996இல் முன்வைத்த இம்முறை தலை எண்ணுவதற்கல்ல. பட்டவர் அதை எப்படி விளங்கிக்கொள்கிறார் என்பதே இதன் கேள்வி.

நாம் கண்டிப்பது வேறொன்றை. மூன்று பேட்டிகளையும் ஒன்றாகக் கொட்டி, திரும்பத் திரும்ப வரும் சொல்லைப் பொறுக்கிக் கருப்பொருள் என்கிறார்களே, அதை!

கணவர் வெளிநாட்டிலுள்ள மூன்று தாய்மாரை எடுப்போம். "புள்ளைக்கு நான்தான் வாப்பாவும்" என்கிறார் ஒருவர். அவர் பேட்டியை மட்டும் பலமுறை வாசித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, அவருக்குரிய கருப்பொருள்களை முடித்துவிட்டே அடுத்தவரிடம் போக வேண்டும். அவரோ, "லீவுல வந்தா விருந்தாளி மாதிரி" என்கிறார். மூன்றாமவர், "முடிவெடுக்கப் பழகிட்டேன், விடத்தான் ஏலாது" என்கிறார். சொல் ஒன்றும் பொதுவில்லை. ஆனால் வீட்டில் யார் இடம் யாருடையது என்ற குழப்பம் மூவரிடமும் உண்டு. அந்தத் தலைப்பின் கீழ் ஒவ்வொருவரின் வரியையும் காட்ட முடியாவிட்டால், அது ஆய்வாளரின் சொந்தக் கற்பனை.