பதினொரு மணி என்றால் யாருடைய பதினொரு மணி?

வெபினார் நடத்துபவர்கள் பேச்சாளரைத் தேடுவதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். சுவரொட்டிப் படத்துக்கு ஒரு வாரம். பதிவு செய்தவர்களுக்கு "இப்படித்தான் உள்ளே வர வேண்டும், இத்தனை மணிக்குத் தொடக்கம்" என்று அனுப்பும் மடலுக்கு மட்டும் இரண்டே நிமிடம். போன மாத மடலை எடுத்து, தேதியை மாற்றி, அனுப்பு பொத்தானைத் தட்டினால் முடிந்தது! ஆட்கள் ஏன் குறைந்தார்கள் என்ற விசாரணை நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் தொடங்கும். "நம்ம ஆட்களுக்கு ஆர்வமே இல்லை" என்ற தீர்ப்போடு அதுவும் முடிந்துவிடும்.

ஆர்வத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்த மடலைக் கொஞ்சம் எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம். டொராண்டோவில் இருக்கும் ஒரு குழு மாதம் ஒரு சனிக்கிழமை தமிழில் வெபினார் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர்கள் யாழ்ப்பாணம், சென்னை, லண்டன், சிங்கப்பூர், சிட்னி என்று சிதறி இருக்கிறார்கள். 2025 பிப்ரவரி 15 அன்று ஒரு கூட்டம். மடலில் "காலை 11 மணி EST" என்று இருந்தது. அது சரிதான். பிப்ரவரியில் டொராண்டோ கடிகாரம் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி நேரம் பின்னால் இருக்கும். ஆகவே யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இரவு 9:30, லண்டனில் மாலை 4. எல்லோரும் சரியாக வந்தார்கள்.

அடுத்த கூட்டம் மார்ச் 15. அதே மடல், அதே "காலை 11 மணி EST", தேதி மட்டும் புதிது. ஆனால் இடையில் மார்ச் 9 அன்று அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். இப்போது டொராண்டோ யூடிசிக்கு 4 மணி நேரம்தான் பின்னால். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தின் பெயரும் EST அல்ல, EDT. டொராண்டோக்காரரின் சுவர்க் கடிகாரப்படி காலை 11 என்பது யாழ்ப்பாணத்தில் இரவு 8:30. மடலில் இருக்கும் EST என்ற எழுத்தை நம்பிக் கணக்குப் போட்டவருக்கோ இரவு 9:30. அவர் பேச்சு முடிந்து, கேள்வி நேரமும் முடியும் தறுவாயில் உள்ளே வருவார். தப்பு அவருடையது அல்ல. மடலை எழுத்துப் பிசகாமல் படித்ததுதான் அவர் செய்த காரியம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், கணக்கே போடாதவரும் அதே ஒன்பதரைக்குத்தான் வருவார். "போன மாதம் ஒன்பதரைக்குத்தானே நடந்தது" என்ற ஞாபகம் போதும் அவருக்கு. இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை நகர்த்தும் வழக்கம் இல்லை. (இலங்கையின் நேரமே சில ஆண்டுகள் மாறிக் கிடந்து, 2006 ஏப்ரலில்தான் 5:30க்குத் திரும்பியது என்பது வேறு கதை.) நம் ஊரில் எதுவும் மாறாதபோது நிகழ்ச்சி நேரம் மட்டும் மாறியிருக்கும் என்று ஒருவருக்கு ஏன் தோன்றப் போகிறது?

லண்டன்காரர் கடிகாரம் மாற்றும் வழக்கம் தெரிந்தவர்தானே, அவர் தப்பித்துவிடுவார் என்று நினைத்தால் அதுவும் இல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 2025இல் கடிகாரம் மாறியது மார்ச் 30 அன்று. ஆக, மார்ச் 9 முதல் 30 வரை மூன்று வாரம் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் இடைவெளி ஐந்து மணி அல்ல, நான்கு மணி. "எப்போதும் ஐந்துதான்" என்று பழகியவர் மாலை 4 மணிக்கு வருகிறார், நிகழ்ச்சியோ 3 மணிக்கே ஆரம்பமாகிவிட்டது. அக்டோபர் கடைசியிலும் இதே போல் ஒரு வாரம் வரும். 2025இல் ஐரோப்பா அக்டோபர் 26 அன்றும், வட அமெரிக்கா நவம்பர் 2 அன்றும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளின. பல நாட்டவருக்கு நிகழ்ச்சி வைப்பவர்கள் இந்த மூன்று வாரத்தையும் ஒரு வாரத்தையும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சரி, சிட்னிக்கு வருவோம். அங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. டொராண்டோவில் சனி காலை 11 மணி ஆகும்போது மார்ச் நடுவில் சிட்னியில் ஞாயிறு அதிகாலை 2 மணி. நேரம் மட்டுமல்ல, கிழமையே வேறு. போதாக்குறைக்கு ஆஸ்திரேலியர்களும் தங்கள் கிழக்குக் கரை நேரத்தை EST என்று எழுதிவந்தவர்கள்தான். அதைத் தன் ஊர் நேரம் என்று எடுத்துக்கொண்டவர் சனி காலை 11 மணிக்கு, அதாவது 15 மணி நேரம் முன்னதாக வந்து, யாருமே இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். IST என்றால் இந்தியாவா, அயர்லாந்தா, இஸ்ரேலா? CST என்றால் சிகாகோவா, சீனாவா? இந்த மூன்றெழுத்துச் சுருக்கங்கள் ஊருக்குள் பேசிக்கொள்ள உருவானவை. ஊர் தாண்டிப் போகும் மடலில் அவற்றுக்கு இடமே கொடுக்கக் கூடாது.

நினைவூட்டல் மடல் இன்னொரு கண்ணி. ஜூம் போன்ற செயலிகளில் ஒரு வாரம், ஒரு நாள், ஒரு மணி நேரம் முன்பு என்று தானாகவே நினைவூட்டல் போகும்படி வைக்கலாம். வசதிதான். ஆனால் இவை நிகழ்ச்சி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுபவை. பெறுபவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்பது அவற்றுக்குத் தெரியாது. ஒரு மணி நேர நினைவூட்டல் சிட்னிக்கு அதிகாலை 1 மணிக்குப் போய்ச் சேரும். ஒரு நாள் முந்தைய நினைவூட்டல் சனி அதிகாலை 2 மணிக்கு. அதை அவர் காலை காபியோடு திறந்து பார்க்கிறார். "நாளை சனிக்கிழமை சந்திப்போம்" என்று இருக்கிறது. அவருக்கு இன்றே சனிக்கிழமை. நாளை என்பதை நம்புவதா, சனிக்கிழமை என்பதை நம்புவதா? உண்மையில் இரண்டுமே அவருக்கு முழுசாகப் பொருந்தவில்லை. அவர் கண்விழிக்க வேண்டியது இன்றிரவு. "இன்று", "நாளை", "இன்று மாலை" ஆகிய சொற்களை நினைவூட்டல் மடலிலிருந்து அடியோடு நீக்கிவிட்டுத் தேதியும் கிழமையும் எழுதுவதுதான் வழி.

"நேரத்தைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே, இதற்கெல்லாமா மெனக்கெடுவது?" என்று கேட்பவர்கள் உண்டு. தேடலாம்தான். ஆனால் தவறான எழுத்தைத் தேடினால் தவறான விடைதான் துல்லியமாக வரும். மேலும் இருநூறு பேர் தனித்தனியாகக் கணக்குப் போடுவதைவிட, அனுப்புகிற ஒருவர் ஒருமுறை சரியாகப் போடுவது சுலபம். "யூடிசி 15:00" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் கணினிக்காரர்களும் இருக்கிறார்கள். பிழை இல்லாத முறைதான், ஆனால் மட்டக்களப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது எந்த ஊர் நேரம்? யூடிசி இருக்கட்டும், ஊர்ப் பெயர்களுக்குத் துணையாக.

அந்த மார்ச் மடல் இப்படி இருந்திருக்கலாம்:

"தொடக்கம்: 2025 மார்ச் 15, சனிக்கிழமை, டொராண்டோ நேரம் காலை 11:00 (யூடிசி 15:00). லண்டன்: சனி மாலை 3:00. யாழ்ப்பாணம், சென்னை: சனி இரவு 8:30. சிங்கப்பூர், கோலாலம்பூர்: சனி இரவு 11:00. சிட்னி, மெல்பர்ன்: ஞாயிறு (மார்ச் 16) அதிகாலை 2:00. கனடாவில் கடிகாரம் மாறிவிட்டதால் இந்தியா, இலங்கை, பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா நேரங்கள் போன மாதத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வருகின்றன. நுழைவதற்கான சுட்டி கீழே. அது உங்களுக்கு மட்டும் உரியது, பிறருக்கு அனுப்ப வேண்டாம்; நண்பர்கள் பதிவுப் பக்கத்தில் பதிந்து தங்களுக்கென ஒரு சுட்டி பெறலாம். பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள்."

அவ்வளவுதான். எல்லா நாட்டையும் எழுதத் தேவையில்லை, இருபது ஊர் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பதிவுப் படிவத்தில் "எந்த ஊரிலிருந்து பார்க்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி சேர்த்தால் எந்த ஐந்தாறு ஊர்கள் போதும் என்று தெரிந்துவிடும். சிட்னிக்காரர்களுக்குத் தனியாக ஒரு நினைவூட்டலைச் சனி மாலை 6 மணிக்குப் போய்ச் சேரும்படி முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கவும் அதே பட்டியல் உதவும். (அப்போது டொராண்டோவில் அதிகாலை 3 மணி. கையால் அனுப்ப யாரும் விழித்திருக்க வேண்டாம்.)

மடலோடு நாட்காட்டிக் கோப்பு ஒன்றும் இணைப்பது இன்னும் உத்தமம். .ics என்று முடியும் அந்தக் கோப்பைத் திறந்தால் செல்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளும். ஆனால் கோப்புக்குள் நேரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று சரி:

```
DTSTART:20250315T150000Z
DTSTART;TZID=America/Toronto:20250315T110000
```

முதல் வரியின் கடைசியில் இருக்கும் Z அது யூடிசி என்கிறது. ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு அது போதும். மாதாமாதம் வரும் தொடருக்கு இரண்டாவதுதான் வேண்டும். இல்லாவிட்டால் பிப்ரவரியில் போட்ட யூடிசி நேரம் மார்ச்சில் டொராண்டோவின் பன்னிரண்டு மணியாகிவிடும். Z இல்லை, ஊரும் இல்லை, வெறும் 110000 என்று மட்டும் இருந்தால் மோசம். சென்னையிலும் காலை 11, சிட்னியிலும் காலை 11 என்று அவரவர் நாட்காட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கண்டுபிடிப்பது சுலபம். அனுப்புவதற்கு முன் ஒரு செல்பேசியின் அமைப்புகளில் ஊர் நேரத்தைச் சிட்னிக்கு மாற்றி அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஞாயிறு அதிகாலை 2:00 என்று காட்ட வேண்டும். சனி காலை 11 என்று காட்டினால் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம். சிட்னியை எடுப்பதற்குக் காரணம், தேதி மாறுகிற ஊரில் சோதித்தால்தான் இரண்டு பிழையும் ஒரே நேரத்தில் தெரியும்.

தவறான மடல் ஏற்கனவே போய்விட்டால்? பலரும் அதற்குப் பதிலாகவே இன்னொரு மடல் எழுதி, அடியில் எங்கோ சரியான நேரத்தைப் போட்டுவிடுகிறார்கள். பெறுபவரிடம் இப்போது இரண்டு நேரங்கள் இருக்கும், எது பிந்தியது என்றும் தெரியாது. தலைப்பிலேயே "திருத்தம்: யாழ்ப்பாணம், சென்னை இரவு 8:30, 9:30 அல்ல" என்று பழைய நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் மடலைத் திறக்காதவருக்கும் செய்தி போய்ச் சேரும். கூடவே அன்றைக்கு மட்டும் கேள்வி நேரத்தை அரைமணி நீட்டி வைத்தால், பழைய மடலை நம்பி ஒன்பதரைக்கு வருபவருக்கும் கையுயர்த்த ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கும்.