வூஷ்ஷ்ஷ்... போதுமடா சாமி!

கல்லூரி விழா முடிந்த அடுத்த வாரம் ஒரு வீடியோ வரும். இரண்டு நிமிடம்தான். ஆனால் காட்சி மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு "வூஷ்". பரதநாட்டியம் முடிந்து கோலப்போட்டிக்குப் போனால் வூஷ். அங்கிருந்து முதல்வர் உரைக்குப் போனால் மறுபடி அதே வூஷ். முதல்வர் பாவம், ஆடாமல் அசையாமல் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்! மெகா சீரியலில் மாமியார் திரும்பிப் பார்க்கிற காட்சிதான் ஞாபகம் வருகிறது.

எடிட் செய்தவரைக் கேட்டால், "இலவச சவுண்ட் பேக்தானே, அதான் சீப்பா இருக்கு. காசு குடுத்து வாங்கினா சரியாயிடும்" என்பார். இது தப்புக் கணக்கு. அந்தச் சத்தத்தில் பெரும்பாலும் குறை இருக்காது. அதை வைத்த இடத்தில்தான் குறை.

வூஷ் என்பது ஏதோ ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம். திரையில் எதுவும் வேகமாகப் போகவில்லை என்றால் காது அதை நம்பாது, ஒட்டவைத்தது என்று உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் முதல் வேலை சேர்ப்பது இல்லை, நீக்குவது. வீடியோவில் நாற்பது கட் இருந்தால், கேமரா சடாரென்று திரும்புவதோ எழுத்து பாய்ந்து வருவதோ நாலைந்து இடத்தில்தான் இருக்கும். வூஷ் அங்கே மட்டும் போதும்.

அந்த நாலைந்தில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் ஓடுகிறான், கேமரா சட்டென்று வலப்பக்கம் சுழல்கிறது, கட், அதே சுழற்சியில் பரிசளிப்பு மேடை வந்து நிற்கிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் இந்தச் சுழற்சி கட்டுக்கு முன்னால் 5 ஃப்ரேம், பின்னால் 6 ஃப்ரேம். மொத்தம் அரை நொடி கூட இல்லை. கையில் இருக்கிற வூஷோ ஒன்றரை நொடி நீளம், அதன் உச்சம் 0.9 நொடியில் வருகிறது. எல்லோரும் என்ன செய்கிறார்கள்? அதை இழுத்துக்கொண்டு போய் அதன் ஆரம்பத்தை கட்டில் ஒட்டவைக்கிறார்கள். மேடை வந்து நின்று, மாணவி கோப்பையை வாங்கிக்கொண்டிருக்கும்போது சாவகாசமாக "வூஷ்ஷ்" என்று வருகிறது. கேட்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஏதோ மட்டமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

ஆரம்பத்தை விட்டுவிட்டு உச்சத்தைப் பார்க்க வேண்டும். டைம்லைனைப் பெரிதாக்கினால் அலை எங்கே தடிமனாக இருக்கிறது என்று தெரியும். அந்த இடம் கட்டின் மேல் வர வேண்டும், ஏனென்றால் சுழற்சி அதிவேகமாக இருப்பது அங்கேதான். பிறகு முன்பக்கத்தை வெட்டி, கேமரா திரும்ப ஆரம்பிக்கிற ஃப்ரேமிலிருந்து ஃபேட்-இன். பின்பக்க வால் மட்டும் படம் நின்றபிறகு கொஞ்ச நேரம் தேய்ந்து மறையலாம், காது அதை மன்னிக்கும்.

அடுத்தது அளவு. வூஷைப் பாட்டுக்குக் கீழே எங்கேயோ கேட்கிற மாதிரி குறைத்துவிட்டு, ஒருமுறை ம்யூட் செய்து பார்க்கலாம். எடுத்தால் அந்த இடம் வெறிச்சென்று இருக்கிறதா? சரியான அளவு. இருக்கும்போதே "அட, வூஷ்" என்று கவனம் போகிறதா? இன்னும் குறைக்க வேண்டும். இதை ஹெட்போனில் மட்டும் செய்தால் ஏமாந்துவிடுவோம். ஹெட்போனில் கேட்கிற அடித்தொனி செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் வராது. அங்கே மிஞ்சுவது "உஸ்ஸ்" மட்டும்தான், பிரஷர் குக்கர் மாதிரி :-) அதனால் செல்போனிலும் கேட்டு, உறுத்தினால் ஈக்வலைசரில் மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும்.

சரி, மீதி முப்பத்தைந்து கட்டுக்கு என்ன செய்வது? எட்கர் ரைட்டின் 'ஷான் ஆஃப் தி டெட்' (2004), 'ஹாட் ஃபஸ்' (2007) படங்களைப் பார்த்தால் தெரியும். சின்னச் சின்ன அன்றாட வேலைகள் படபடவென்று கட் ஆகும், ஒவ்வொன்றிலும் திரையில் இருக்கிற பொருளின் சத்தமே பெரிதாக்கப்பட்டு வரும். கல்லூரி வீடியோவிலும் இது நடக்கும். கோலம் திரையில் இருக்கும்போதே, அடுத்த காட்சியின் கைதட்டலைப் பத்து ஃப்ரேம் முன்னாலேயே மெல்ல ஆரம்பித்தால் போதும். கட் தானாகவே வழுக்கிக்கொண்டு போகும், எந்த பேக்கும் தேவையில்லை.

ரைசர் விஷயம் வேறு. அது மேலே ஏறிக்கொண்டே போய், "ஏதோ வரப்போகிறது" என்று வாக்குக் கொடுக்கிற சத்தம். நாலு நொடி ஏற்றிவிட்டுக் கடைசியில் சாப்பாட்டுப் பந்தியைக் காட்டினால் சிரிப்புத்தான் வரும் (பந்தி நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை). இரண்டு நிமிட வீடியோவுக்கு ஒன்று போதும், விழாவின் பெயர் திரையில் வருகிற இடத்தில். சுருதியுள்ள ரைசராக இருந்தால் பின்னணிப் பாட்டின் சுருதியோடு சேர வேண்டும், இல்லையென்றால் அபஸ்வரம். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஒரு சிம்பல் அடியைப் பதிவுசெய்து ரிவர்ஸ் செய்தால் போதும், திட்டமான சுருதி இல்லாததால் பெரும்பாலும் எந்தப் பாட்டோடும் ஒத்துப்போகும்.

அதையும் பெயர் வருகிற ஃப்ரேம் வரை இழுக்கக் கூடாது. மூன்று நான்கு ஃப்ரேம் முன்னாலேயே வெட்டிவிட்டு, பாட்டையும் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்தத் துளி நிசப்தத்துக்குப் பிறகு வருகிற "தொம்", ஒலியளவைக் கூட்டாமலேயே பெரிதாகக் கேட்கும்.