சிவப்புப் பொத்தான்



போன வாரம் அடையாறிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கூப்பிட்டார். சமையல் பக்கத்தைப் பற்றிப் பாராட்டத்தான் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கேட்டது வேறு. "ஃபுட் பிராசஸர் வாங்கி மூணு மாசம்தாங்க ஆகுது. சப்பாத்தி மாவு பிசையறப்போ பாதியில நின்னுடுது. அரை மணி கழிச்சு அதுவாவே ஓடுது. கெட்டுப்போச்சா, நல்லா இருக்கா, எப்படி எடுத்துக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்ற மே மாதம் மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலும் இதே கூத்து. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள், இரவுக்குப் பன்னிரண்டு பேர். அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்பதால் சாதம் கூடாது, சப்பாத்திதான். ஒரு கிலோ மாவு. மிக்ஸியோடு வந்த பிசையும் ஜாரில் பாதியைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒன்றாம் வேகத்தில் திருப்பினேன். முதல் ஒரு நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. மாவு திரண்டு உருண்டையானது. இன்னும் மிருதுவாகட்டுமே என்று விட்டுவைத்தேன். சத்தம் மெல்லக் கம்மிப்போய் ஒரு முனகலாக மாறியது. லேசாகக் கருகல் வாசனை வந்தது. ஒரு 'டக்', அவ்வளவுதான், நின்றுவிட்டது.

தெற்கு மாட வீதிப் பக்கம் மிக்ஸி பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் அவரிடம் கொண்டுபோனேன். தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் துருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பொத்தானை விரலால் அழுத்தினார். பிளக்கைச் செருகினார். ஓடியது. காசு வாங்கவில்லை. "எத்தனை மாவு போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். அரைக் கிலோ என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. புத்தகத்தில் கால் கிலோ என்றுதான் போட்டிருக்கிறது.

அவர் அங்கேயே நின்று சொன்னதை இங்கே எழுதுகிறேன். மிக்ஸி மோட்டாரின் தண்டிலேயே ஒரு சின்னக் காற்றாடி இருக்கிறது. மோட்டார் சுற்றினால்தான் அதுவும் சுற்றும், அந்தக் காற்றுதான் உள்ளே இருக்கும் செம்புச் சுருளைக் குளிரவைக்கிறது. சட்னி அரைக்கும்போது மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது, காற்றும் தாராளமாகக் கிடைக்கிறது. கெட்டி மாவு பிளேடைப் பிடித்து இழுத்தால் வேகம் விழுகிறது. வேகம் விழுந்தால் இந்த வகை மோட்டார் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சுருளில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. அதே நேரத்தில் காற்றாடி மெதுவாகச் சுற்றுவதால் காற்று குறைகிறது. சூடு ஏறுகிறது, ஆற்றுவதற்கு ஆள் இல்லை. ஒன்றாம் வேகத்தில் ஓடினால் மோட்டாருக்குச் சிரமம் இல்லை என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர் இது. மே மாதத்து மயிலாப்பூர் சமையலறையில், அடுப்பும் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்க, உள்ளே போகிற காற்றே சூடுதான்.

நிறுத்துகிற காவல்காரர்கள் இரண்டு விதம். ஒன்று அந்தச் சிவப்புப் பொத்தான், ஓவர்லோடு சுவிட்ச். மின்னோட்டம் அளவுக்கு மீறினால் வெளியே குதித்துவிடும். கையால் அழுத்தினால்தான் திரும்ப ஓடும். இன்னொன்று தெர்மல் கட்-அவுட், சுருளை ஒட்டியே உள்ளே இருக்கும். இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு, சூடானால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து தானாகவே சேர்ந்துகொள்ளும். அடையாறு வாசகியின் வீட்டில் வேலை செய்வது இதுதான். பொத்தான் எதுவும் குதிக்கவில்லை, அரை மணியில் அதுவாக ஓடுகிறது என்றால் அதற்கு அதுதான் அர்த்தம். இயந்திரம் கெடவில்லை.

ஆனால் 'அதுவாக' என்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நின்றதும் நாம் என்ன செய்கிறோம்? திருகை அப்படியே விட்டுவிட்டு, மூடியைத் திறந்து மாவை வழிக்கக் கையை விடுகிறோம். மூடி பூட்டாமல் ஓடாத ஜார் என்றால் பரவாயில்லை. பழைய மாதிரிகளில் அந்தப் பூட்டு கிடையாது. நின்ற உடனே திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

இன்னொரு குழப்பம் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டு. 'ரேட்டிங் 30 நிமிடம்' என்று பல மிக்ஸிகளில் பார்க்கலாம். அரை மணி தொடர்ந்து ஓட்டலாம் என்று நானும் நினைத்திருந்தேன். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு என்று இருக்கும். அந்தக் கணக்கில் விட்டுவிட்டு ஓட்டினால் மொத்தம் அரை மணி. மாவு பிசைவதற்கோ அதுவும் பொருந்தாது. பெரும்பாலான கையேடுகள் பிசைவதற்கு ஒரு நிமிடம் என்கிற அளவில்தான் சொல்கின்றன. வெட் கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடுகிறதே என்று கேட்கலாம். அதன் மோட்டார் வேறு ஜாதி. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுவதற்கென்றே செய்தது.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இது. ஒரு கிலோ என்றால் நான்கு தவணை. கால் கிலோ மாவு, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். முதலில் ஓடவிட்டு, மேல் துவாரம் வழியாக 150 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். மாவுக்குத் தகுந்தாற்போல் ஒரு ஸ்பூன் கூடலாம். காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். உருண்டை திரண்டு சத்தம் இறங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறேன், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். உருண்டை சற்றுச் சொரசொரப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் மூடிவைத்தால், தண்ணீர் மாவுக்குள் ஊறி, பசை தளர்ந்து, மிருது தானாக வந்துவிடுகிறது. அன்று நான் மோட்டாரிடம் கேட்ட வேலை அந்த இருபது நிமிடம் செய்கிற வேலை. தவணைக்குத் தவணை இரண்டு மூன்று நிமிட இடைவெளி. மொத்தம் கால் மணிக்குள் ஒரு கிலோவும் பிசைந்து முடிந்துவிடுகிறது. அன்றைக்கு ஆறுவதற்கு மட்டுமே நாற்பது நிமிடம் காத்திருந்தேன்.

கால் கிலோவுக்கே நிற்கிறது, அல்லது ஜாரே இல்லாமல் ஓட்டினாலும் பொத்தான் குதிக்கிறது என்றால் இந்தக் கதை பொருந்தாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே இருக்கும் கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் புஷ் பிடித்திருக்கும். கீழே உள்ள துளைகள் வழியாகத் தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கருகல் வாசனை ஒவ்வொரு முறையும் வந்தால் சுருளின் வார்னிஷ் வெந்துகொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்தி அழுத்தி ஓட்டினால் ரீவைண்டிங் செலவில்தான் போய் முடியும்.

அன்று இரவு மீதி மாவை என் நாத்தனார் பெரிய தாம்பாளத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்தார். சாப்பிட மணி பத்தரை ஆனது. சப்பாத்தி, மனசாட்சியோடு சொல்கிறேன், ஜாரில் பிசைந்ததைவிட நன்றாகவே இருந்தது.

அன்புடன்,
ஆசிரியர்