டி-ஷர்ட்டுக்கும் வரி இல்ல, தேசியக் கொடிக்கும் வரி இல்ல... ஆனா ரீஃபண்ட் ஒன்னுக்குத்தான்! ஏன் இந்த வித்தியாசம்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. இந்த மாதம் அவர்களிடம் இரண்டு ஆர்டர். ஒன்று, ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட். இன்னொன்று, சுதந்திர தினத்துக்காக உள்ளூர் வியாபாரிக்கு தேசியக் கொடி. இரண்டு பில்லிலும் ஜிஎஸ்டி பூஜ்யம்தான்.

ஆனா மாதக் கடைசியில் ஆடிட்டர் சொல்வது வேற: "டி-ஷர்ட்டுக்குக் கட்டின வரி திரும்பி வரும். கொடிக்குக் கட்டினது வராது."

அது எப்படி? கணக்கோடு பார்க்கலாம்.

கொடிக்கு வரி கிடையாதா?

கிடையாது. இந்திய தேசியக் கொடி ஜிஎஸ்டி விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பாலியஸ்டர் துணியிலும், இயந்திரத்திலும் கொடி தயாரிக்க 2021 டிசம்பர் 30ல் கொடி விதிகள் திருத்தப்பட்டன. அந்தக் கொடிகளுக்கும் விலக்கு உண்டு என்று 2022ல் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

கணக்கு என்ன சொல்லுது?

புரிவதற்காக ஒரு உதாரணம். இரண்டு ஆர்டரும் தலா 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் துணி 6 லட்சம், ஜாப் ஒர்க் 3 லட்சம். இரண்டுக்கும் ஜிஎஸ்டி 5%. ஆக, ஒரு ஆர்டருக்குக் கம்பெனி கட்டும் வரி 45,000 ரூபாய்.

டி-ஷர்ட் ஏற்றுமதி என்பதால் இந்த 45,000 ரூபாய் இன்புட் கிரெடிட்டாகக் கணக்கில் ஏறும். உள்ளூர் விற்பனையின் வரியில் கழித்துக்கொள்ளலாம். மீதி இருந்தால் ரீஃபண்டாகக் கேட்கலாம்.

கொடியில் அந்த 45,000 ரூபாய் கிரெடிட்டே கிடையாது. அது அப்படியே செலவு. 1 லட்சம் லாபம் என்று நினைத்து விலை சொன்னவருக்குக் கையில் நிற்பது 55,000 ரூபாய்தான்.

ஒரே பூஜ்யம், ரெண்டு சட்டம்

ஏற்றுமதி, 'பூஜ்ய விகித வரி' வகை. ஐஜிஎஸ்டி சட்டம் 16வது பிரிவில் இது வருகிறது. பொருளைப் பயன்படுத்துபவர் வெளிநாட்டில் இருக்கிறார். நம் ஊர் வரியை அவர் தலையில் கட்டக் கூடாது. அதனால் பொருள் கப்பல் ஏறும்போது, அதற்குள் ஒளிந்திருக்கும் பழைய வரியையும் வெளியே எடுத்துவிடுகிறார்கள்.

'விலக்கு' அப்படி இல்லை. கடைசி விற்பனையில் மட்டும் வரி வேண்டாம் என்கிறது அரசு. மேலே வசூலிக்க வரி இல்லாதபோது கீழே கட்டியதைக் கழிக்கவும் வழியில்லை. சிஜிஎஸ்டி சட்டம் 17(2) பிரிவு இதைத்தான் சொல்கிறது: கிரெடிட், வரிக்குரிய விற்பனைக்கு மட்டும். ஏற்றுமதி அந்தக் கணக்கில் சேரும், விலக்கு சேராது.

அதே கொடி வெளிநாடு போனா?

இதுதான் பலரும் கவனிக்காத இடம். அதே கொடியைத் துபாய் வியாபாரிக்கு ஏற்றுமதி செய்தால், அதற்கான கிரெடிட் கிடைக்கும்! உள்நாட்டில் விலக்கு பெற்ற பொருளாக இருந்தாலும், ஏற்றுமதி என்றால் கிரெடிட் எடுக்கலாம் என்று 16வது பிரிவே சொல்கிறது. அதாவது, கிரெடிட்டை முடிவு செய்வது பொருள் மட்டும் இல்ல. அது எங்கே போகிறது என்பதும்தான்.

வாடகைக்குக் கட்டின வரி?

கட்டட வாடகை, ஆடிட்டர் ஃபீஸ் மாதிரி பொதுச் செலவுக்கு 20,000 ரூபாய் ஜிஎஸ்டி கட்டியிருந்தால், அதை விற்பனை விகிதத்தில் பிரிக்க வேண்டும். நம் உதாரணத்தில் ஏற்றுமதி பாதி, விலக்கு பாதி. எனவே 10,000 ரூபாயைத் திருப்பிவிட வேண்டும். ஜிஎஸ்டி விதி 42 சொல்லும் கணக்கு இது. கொடியின் லாபம் இப்போது 45,000 ரூபாய்க்கு இறங்கிவிட்டது.

இதைச் செய்யாமல் முழுக் கிரெடிட்டையும் எடுத்துப் பயன்படுத்திவிட்டால், பிறகு ஆண்டுக்கு 18% வட்டியோடு கட்ட நேரிடும்.

எங்கே தப்பு நடக்குது?

GSTR-3B படிவத்தில் ஏற்றுமதிக்கு 3.1(b), விலக்கு விற்பனைக்கு 3.1(c). 'ரெண்டும் ஜீரோதானே' என்று ஏற்றுமதியை 3.1(c)-ல் போட்டால், ரீஃபண்ட் கேட்கும்போது சிக்கல் வரும்.

வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யுடி எனும் உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் கொடுக்க வேண்டும். இந்த வழியில் துணி, ஜாப் ஒர்க் மாதிரி செலவுகளின் வரி ரீஃபண்டாக வரும். தையல் மெஷின் வாங்கியபோது கட்டிய வரி அந்த ரீஃபண்ட் கணக்கில் சேராது. ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி செய்து, அதைத் திரும்பப் பெறும் வழியில் போனால், மெஷின் கிரெடிட்டையும் அந்த வரிக்குப் பயன்படுத்தலாம்.

எனவே வரி விலக்குள்ள பொருளுக்கு உள்ளூர் ஆர்டர் வந்தால், விலை சொல்லும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. துணி பில்லிலும் ஜாப் ஒர்க் பில்லிலும் இருக்கும் ஜிஎஸ்டியைக் கூட்டி, அதையும் அடக்க விலையில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பணம் திரும்பி வராது.