வங்கிக்கும் விளம்பரக் கம்பனிக்கும் ஒரே முகமா?



லிங்க்ட்இனில் பகிடி எழுதவே கூடாது என்று ஒரு கூட்டம். பகிடி இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே நம் பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுக்கின்றன. வாசிப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எவரும் கேட்பதில்லை.

வங்கிக்காரரின் பயம் பிழை. உப்புக் கம்பனியில் 3 வருடம் கணக்கெழுதிய தம்பி ஒருவர் "இலக்கங்களின் மந்திரவாதி" என்று தலைப்புப் போட்டதாக வையுங்கள். முகாமையாளருக்குச் சிரிப்பு வராது. கணக்கில் மந்திரம் செய்கிறவன் என்றுதான் படும். "கணக்கு உதவியாளர், 3 வருடம், மாதாந்த வங்கி இணக்கக் கூற்று" என்பதே அங்கே எடுபடும்.

விளம்பரக் கம்பனியின் பயம் சலிப்பு. "கற்பிட்டியில் காற்று விழுந்த நாளிலும் கைட் சேர்ஃபிங் வீடியோவை முடித்துக் கொடுத்தவள்" என்று ஒரு தங்கச்சி எழுதினால் சிரிப்பும் வரும், சொன்ன வேலையை முடிப்பவள் என்றும் தெரியும். "கடின உழைப்பாளி" என்று எழுதியிருந்தால் யாரும் நின்று பார்த்திருக்கமாட்டார்கள்.

இரண்டு துறைக்கும் விண்ணப்பிப்பவர் என்ன செய்வது? பக்கம் ஒன்றுதான், எல்லோரும் அதையே பார்ப்பார்கள். அதை நிதானமாக வைத்து, பகிடியை விளம்பரக் கம்பனிக்கு அனுப்பும் கடிதத்தில் வையுங்கள். தலைப்புக்கு 220 எழுத்துத்தான் இடம். பதவியின் பெயர் முதலில் வரட்டும்.

பகிடியை வெட்டிப் பாருங்கள். உங்கள் வேலையைப் பற்றிய தகவல் எதுவும் குறையவில்லையா? அப்படியானால் அது எந்தத் துறைக்கும் வேண்டாம்.