சட்டமும் சாகுபடியும்: ஜெயித்த கிணற்று வழக்கை மறுபடியும் நடத்த வேண்டுமா?

கேள்வி: எங்கள் அப்பா 1998-ல் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறு அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதி என்று எழுதியிருக்கிறது. கிணறு இருக்கும் இடம் அண்ணன் பாகத்தில் உள்ளது. கிணறு முழுவதும் தனக்கே என்று அண்ணன் 2011-ல் வழக்குப் போட்டார். எனக்குச் சரிபாதி உண்டு என்று சொல்லி 2015-ல் அந்த வழக்கு தள்ளுபடி ஆனது. அவர் செய்த அப்பீலும் 2018-ல் தள்ளுபடி. அதற்கு மேல் அவர் போகவில்லை. பிறகு தன் பாகத்தை மகனுக்கு தான செட்டில்மென்ட் எழுதி வைத்தார். இப்போது அந்த மகன், பத்திரத்தில் தாத்தா போட்ட கையெழுத்தே பொய் என்று புதிதாக வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் வந்துள்ளது. ஏழு வருடம் கோர்ட்டுக்கு அலைந்து ஜெயித்ததை முதலிலிருந்து மறுபடியும் நடத்த வேண்டுமா? ‘ஜெயித்தாயிற்று, போகாமல் இருந்துவிடு’ என்கிறார்கள் ஊரில்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ஊரார் சொல்வதில் பாதி சரி, மறுபாதி ஆபத்து. முடிந்த வழக்கை மறுபடி நடத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தத் தடையை எதிர்த்தரப்பு கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வீட்டில் இருந்தால் அது தானாக வந்து காப்பாற்றாது.

1908-ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு இதைப் பற்றியது. வக்கீல்கள் இதை ‘ரெஸ் ஜுடிகேட்டா’ என்பார்கள். தமிழில் முன் தீர்ப்புத் தடை. ஒரே தரப்பாருக்கு இடையே, அதிகாரம் உள்ள நீதிமன்றம், விசாரித்து, முடிவாகத் தீர்த்துவிட்ட ஒரு விஷயத்தை இன்னொரு நீதிமன்றம் மறுபடியும் விசாரிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். இதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் இந்தக் கிணற்றோடு பொருத்திப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

முதலில், தரப்பார். பழைய வழக்கின் வாதி அண்ணன். புதிய வழக்கின் வாதி அவர் மகன். ஆள் மாறிவிட்டாரே என்று தோன்றும். ஆனால் மகன் கேட்கும் உரிமை தகப்பன் எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் மூலமாக வந்தது. தகப்பனிடம் இல்லாத பாதிக் கிணற்றைத் தகப்பன் மகனுக்குக் கொடுக்க முடியாது. வழக்கு முடிந்த பிறகு சொத்தை வாங்கியவர், தானமாகப் பெற்றவர், வாரிசாக வந்தவர் எல்லோரும் பழைய தரப்பாரின் இடத்தில் நிற்பவர்களே என்று சட்டம் பார்க்கிறது. அவர்களையும் பழைய தீர்ப்பு கட்டும்.

அடுத்து, தீர்க்கப்பட்ட விஷயம் எது என்பது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தீர்ப்பில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் தடையாக வராது. வழக்கில் இரு தரப்பும் ஒன்றை ஒன்று மறுக்கும் விஷயங்களை நீதிமன்றம் ‘எழுவினாக்கள்’ என்று வரிசைப்படுத்தும். 2011 வழக்கில் அவை ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்: கிணறு வாதிக்குத் தனித்துப் பாத்தியப்பட்டதா? பிரதிவாதிக்குச் சரிபாதிப் பங்கு உண்டா? வாதி கேட்கும் உறுத்துக்கட்டளை கிடைக்கத்தக்கதா? இரண்டாவது கேள்விக்கு ‘உண்டு’ என்று விடை வந்ததால்தான் வழக்கு தள்ளுபடி ஆனது. அந்த விடையை எடுத்துவிட்டால் தீர்ப்பே நிற்காது. இப்படித் தீர்ப்பைத் தாங்கி நிற்கும் விடையே பின்னால் வரும் வழக்கைத் தடுக்கும்.

அதே தீர்ப்பில் நீதிபதி போகிற போக்கில், ‘கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதை பன்னிரண்டு அடி அகலம் உள்ளதாகத் தெரிகிறது’ என்று எழுதியிருக்கலாம். பாதையின் அகலம் பற்றி அன்று யாரும் வழக்காடவில்லை. அந்த வரி இல்லாவிட்டாலும் தீர்ப்பு மாறாது. நாளைக்குப் பாதை பற்றித் தகராறு வந்தால் அந்த ஒரு வரியைக் காட்டி, ‘இது ஏற்கெனவே முடிந்தது’ என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, ‘கையெழுத்து பொய்’ என்ற புதுக் காரணம். 2011-ல் இதைச் சொல்லவில்லை, ஆகையால் இது புது விஷயம் என்பது மகனின் வாதமாக இருக்கும். சட்டம் இதையும் யோசித்து வைத்திருக்கிறது. முன் வழக்கிலேயே சொல்லியிருக்கக்கூடிய, சொல்லியிருக்க வேண்டிய காரணத்தைச் சொல்லாமல் விட்டால், அதையும் சொல்லித் தோற்றதாகவே கொள்ள வேண்டும் என்று 11-ஆவது பிரிவின் நான்காவது விளக்கம் கூறுகிறது. பங்கு வந்ததே அந்தப் பத்திரத்தால்தான். அந்தப் பத்திரம் அன்று கோர்ட்டில் இருந்தது. கையெழுத்து பொய் என்றால் அதைச் சொல்ல வேண்டிய நாள் அதுதான். ஒரு வழக்குக்கு ஒரு காரணம் என்று பிரித்துப் பிரித்துப் போட அனுமதித்தால், பணம் உள்ளவர் இல்லாதவரை ஆயுள் முழுதும் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கலாம். அதைத் தடுக்கவே இந்த விளக்கம்.

இனி, மகன் கேட்கும் பரிகாரத்தை மாற்றினால் என்ன ஆகும்? உதாரணமாக, கிணறு தனக்கு என்று கேட்காமல், ‘என் கிணற்றுத் தண்ணீரை எடுத்து மஞ்சளுக்குப் பாய்ச்சினார், இரண்டு லட்சம் நஷ்ட ஈடு வேண்டும்’ என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு வேறு; கேட்பதும் வேறு. ஆனால் நஷ்ட ஈடு கிடைக்க வேண்டுமானால், தண்ணீரில் சிற்றப்பாவுக்குப் பங்கு இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு முன்பே விடை வந்துவிட்டது. அதை மறுபடி கிளற முடியாது. இதை ‘இஷ்யூ எஸ்டாப்பல்’ என்பார்கள். ஓர் எழுவினாவின் அளவில் வரும் தடை. நம் நாட்டில் 11-ஆவது பிரிவே, முழு வழக்கை மட்டுமல்லாமல் தனி எழுவினாவையும் மறுபடி விசாரிக்கக் கூடாது என்று சொல்கிறது. ஆனால், பாதிக்கு மேல் தண்ணீர் எடுத்தாரா, முறை நாளை மீறினாரா என்பவை இதுவரை யாரும் தீர்க்காத கேள்விகள். அவற்றை விசாரிக்கத் தடை இல்லை.

அதேபோல, பங்கு தீர்ந்துவிட்டதால் இனி எந்த வழக்கும் வராது என்றும் நினைக்கக் கூடாது. நாளைக்கு மோட்டார் அறையை மகன் பூட்டினால் அது புதுச் சம்பவம். அதற்காக இளையவர் புதிதாக வழக்குப் போடலாம். அந்த வழக்கில் சரிபாதி உண்டா என்று மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை. பழைய தீர்ப்பைக் காட்டினால் போதும்.

தடை வராத இடங்கள் சிலவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அனுபவத்தில் குறுக்கிடக் கூடாது என்று வெறும் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்ட வழக்கில், பெரும்பாலும் யார் கைவசம் நிலம் இருக்கிறது என்பதே கேள்வி. உரிமை யாருக்கு என்பதை அங்கே மேலோட்டமாக மட்டும் தொட்டிருந்தால், பின்னால் வரும் உரிமை வழக்குக்கு அது தடையாகாது. உரிமை பற்றியே இரு தரப்பும் வாதாடி, எழுவினா வகுத்து, விடை சொல்லியிருந்தால் தடையாகும். உரிமையிலேயே உண்மையான சிக்கல் இருந்தால், வெறும் உறுத்துக்கட்டளை கேட்காமல் உரிமையை விளம்பும்படி சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது.

வாதி வராததால் தள்ளுபடியான வழக்கு, விசாரித்துத் தீர்த்த வழக்கு ஆகாது. ஆனாலும் பிரதிவாதி வந்திருந்து, வாதி வராமல் தள்ளுபடி ஆனால், அதே காரணத்துக்காக வாதி புது வழக்குப் போட வேறொரு விதி தடை செய்கிறது. 30 நாளுக்குள் மனுப் போட்டுப் பழைய வழக்கையே உயிர்ப்பிக்க வேண்டும். தாசில்தார் பட்டா மாறுதலில் போட்ட உத்தரவும் உரிமைக்கான இறுதித் தீர்ப்பு அல்ல. கோர்ட்டையே ஏமாற்றி வாங்கிய தீர்ப்பு என்று நிரூபித்தால் அதுவும் நிற்காது. ஆனால் ‘நீதிபதி தப்பாகச் சொல்லிவிட்டார்’ என்பது ஏமாற்று ஆகாது. தப்பான தீர்ப்புக்கு வழி அப்பீல்தான். மாவட்ட முன்சீப் தீர்ப்பின் மேல் சார்பு நீதிமன்றத்துக்கு 30 நாள். அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். அந்த நாள்களை விட்டவருக்கு, புது வழக்கு என்பது மாற்று அப்பீல் ஆகாது.

இனி இளையவர் செய்ய வேண்டியது. சம்மன் தேதியில் கட்டாயம் ஆஜராக வேண்டும். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். ஒரே கிணற்றுக்கு இரண்டு முரணான தீர்ப்புகள் வந்துவிட்டால், பின்னால் வந்ததே நிற்கும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் வழி. 2018-ல் முடிவான வெற்றி அப்படித்தான் கைவிட்டுப் போகும்.

சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீளலாம். அந்த எதிருரையில் பழைய வழக்கின் எண், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி, எந்த எழுவினாவில் என்ன விடை என்பதை எல்லாம் எழுதி, முன் தீர்ப்புத் தடை உண்டு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே கருதப்படலாம்.

வாயால் சொன்னால் போதாது. தீர்ப்பை மட்டும் காட்டினாலும் பல நேரம் போதாது. முன் வழக்கில் யார் என்ன சொன்னார்கள், எந்த எழுவினா வகுக்கப்பட்டது, என்ன தீர்ந்தது என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆகவே பழைய பிராது, எதிருரை, முன்சீப் கோர்ட்டின் தீர்ப்பு, தீர்ப்பாணை, அப்பீல் தீர்ப்பு, அதன் தீர்ப்பாணை ஆகியவற்றுக்கு நகல் மனுப் போட்டு, சான்றிட்ட நகல்களை வாங்க வேண்டும். மகனுக்கு எழுதிய செட்டில்மென்ட் பத்திர நகலும் வேண்டும். அவர் தகப்பன் வழியாக வந்தவர் என்பதற்கு அதுவே சாட்சி. பழைய வழக்குக் கட்டுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்படுவதும் உண்டு. எனவே இப்போது வழக்கு இல்லாதவர்களும், வழக்கு முடிந்த கையோடு நகல் வாங்கிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.

தடை பற்றிய கேள்வியை முதலில் எடுத்துத் தீர்க்கும்படி வக்கீல் மூலம் கேட்கலாம். இரு தரப்பும் பழைய ஆவணங்களை மறுக்காவிட்டால் நீதிமன்றம் ஏற்க வாய்ப்பு அதிகம். உண்மைகளைப் பற்றியே சர்ச்சை எழுந்தால், மற்றக் கேள்விகளோடு சேர்த்துத்தான் விசாரிக்கும். ஆகையால் முதல் வாய்தாவிலேயே வழக்கு தள்ளுபடி ஆகிவிடும் என்று எதிர்பார்த்து, மற்ற சாட்சிகளை விட்டுவிடக் கூடாது. 1998 பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இன்றும் இருந்தால், அவர் பெயரையும் முகவரியையும் வக்கீலிடம் கொடுத்து வைக்க வேண்டும்.